கிளையன்டிடம் கூடுதல் அவகாசம் கேட்பது எப்படி: பொறுப்பேற்கும் ஒரு மெயில், மாறாத ஒரு தேதி

கெடுவுக்குள் வேலை முடியாது என்று கிளையன்டுக்கு எழுத உட்கார்ந்தால், பலரும் அதிக நேரம் செலவிடுவது மன்னிப்புக் கேட்கும் வரிகளில்தான். கிளையன்ட் அந்த வரிகளைத் தாண்டிப்போய் முதலில் தேடுவது ஒரு தேதியை. அது கிடைத்ததும் அவர் மனதில் எழும் கேள்வி, இதையாவது நம்பலாமா என்பது. போன தேதியையும் நீங்கள்தான் கொடுத்தீர்கள், அதனால் கேள்வி நியாயமானது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் மெயில் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியே இருக்கும்.

ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். தனியாக வேலை செய்யும் ஓர் இணையதள வடிவமைப்பாளர். அவருடைய கிளையன்ட், தையல் இயந்திர உதிரி பாகங்கள் விற்கும் ஒரு நிறுவனம். பழைய தளத்தில் இருக்கும் 1,400 பொருள்களையும் புதிய தளத்துக்கு மாற்றி, மார்ச் 14, வெள்ளிக்கிழமை ஒப்படைப்பதாகப் பேச்சு. மார்ச் 6, வியாழக்கிழமை அவர் பழைய பட்டியலைத் திறக்கிறார். ஊசியின் அளவு, மாடல் எண், எந்த இயந்திரத்துக்குப் பொருந்தும் என்பதெல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இல்லை. ஒவ்வொரு பொருளின் விவரணைக்குள்ளும் வாக்கியமாகக் கலந்து கிடக்கிறது. புதிய தளத்தில் அளவை வைத்துத் தேட வேண்டுமானால் ஒவ்வொன்றையும் பிரித்து எழுதியாக வேண்டும்.

படி 1: ஊகிக்காமல் அளந்து பாருங்கள்

இந்த இடத்தில் கை உடனே மெயிலுக்குப் போகும். "இன்னும் ஒரு வாரம் கொடுங்கள்" என்று எழுதத் தோன்றும். எங்கிருந்து வந்தது அந்த ஒரு வாரம்? கேட்கக் கூச்சமில்லாத அளவு என்பதைத் தவிர அதற்கு வேறு அடிப்படை இல்லை.

1994இல் ரோஜர் ப்யூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருத்தமானது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 33.9 நாள். எல்லாமே முடிந்த அளவு மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். அதற்குப் பதில் 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். அவநம்பிக்கையோடு போட்ட கணக்குகூடப் போதவில்லை. "எத்தனை நாள் ஆகும்?" என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஒரு கதைதான் பதிலாக வருகிறது. கொஞ்சம் சேர்த்துச் சொன்னாலும் அதே கதையைத்தான் இழுத்து நீட்டுகிறோம்.

அதனால் மிச்ச வேலையில் ஒரு சின்னப் பங்கை உண்மையாகவே செய்து பாருங்கள். நம் வடிவமைப்பாளர் அன்றே 100 பொருள்களை எடுத்துப் பிரித்து எழுதினார், மூன்று மணி நேரம் ஆனது. பட்டியலின் தொடக்கத்திலிருந்து வரிசையாக எடுக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தார். பட்டியலின் முதல் பக்கங்கள் பெரும்பாலும் யாரோ பொறுமையோடு எழுதியவையாக இருக்கும், கடைசிப் பக்கங்கள் அவசரத்தில் எழுதியவை. முதல் 100ஐ மட்டும் அளந்தால் கணக்கு உங்களை ஏமாற்றும்.

படி 2: தேதியைக் கணக்காகப் போடுங்கள்

100 பொருளுக்கு மூன்று மணி என்றால் 1,400க்கு 42 மணி நேரம். இதற்கு அவர் முதலில் ஒதுக்கியிருந்தது 12. இதுபோக, பணம் செலுத்தும் பக்கத்தைச் சோதிக்க 8, மொபைல் திரைக்கு ஏற்பச் சரிசெய்ய 6, கடைசியாக முழுத் தளத்தையும் ஒருமுறை பார்க்க 6. மொத்தம் 62 மணி நேரம்.

இனி வருவதுதான் பலர் கோட்டைவிடும் இடம். ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தால் எட்டு நாளில் முடியும் என்று வரும். ஆனால் அந்த எட்டில் மற்றக் கிளையன்டுகளின் அழைப்பு, மெயில், சின்னச் சின்னத் திருத்தம் எல்லாம் அடக்கம். கடந்த இரண்டு வாரத்தில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போனது என்று பாருங்கள். அவருக்கு அது ஐந்து. 62ஐ ஐந்தால் வகுத்தால் 12.4, அதாவது 13 வேலை நாள். வெள்ளி, 7ஆம் தேதியிலிருந்து எண்ணி, சனி ஞாயிறை விட்டால் 25ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை முடிகிறது.

"சனி ஞாயிறும் உட்கார்ந்தால் சீக்கிரம் முடிந்துவிடுமே" என்று தோன்றும். அந்த நாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏதாவது தவறிப்போனால் கை வைக்க உங்களிடம் மிச்சம் இருப்பவை அவை மட்டும்தான். அவற்றையும் முன்பே விற்றுவிட்டால், ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால்கூடப் புதிய தேதி போய்விடும்.

25க்கு மேல் இரண்டு வேலை நாளைச் சேர்த்து, 27ஆம் தேதி, வியாழக்கிழமை என்று அவர் முடிவு செய்கிறார். இரண்டு நாள் எதற்கு என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்கிறது. கலந்து கிடக்கும் தகவலில் சில பொருள்களுக்கு அளவே எழுதப்பட்டிருக்காது, பழைய ரசீதைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். அது எத்தனை என்பது இப்போது தெரியாது. கூடுதலாகச் சேர்க்கும் நாளுக்கு இப்படி ஒரு காரணம் சொல்ல முடியாவிட்டால் அது பயத்தில் சேர்த்தது. இன்னொரு எச்சரிக்கை: 25 என்ற தேதியைக் கிளையன்டிடம் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். "25 வாக்கில், தாமதமானால் 27" என்றால் அவர் காதில் விழுவது 25 மட்டுமே.

படி 3: பழைய தேதியில் அவருக்கு எது தேவை?

14ஆம் தேதி என்பது உங்களுக்குக் கெடு. கிளையன்டுக்கு அதற்கு அடுத்த நாள்களில் ஏதோ ஒன்று நடக்கவிருக்கிறது. அது என்ன என்பதைப் பழைய மெயில்களில் தேடுங்கள், பெரும்பாலும் எங்காவது சொல்லியிருப்பார். இங்கே, 17ஆம் தேதி, திங்கட்கிழமை தன் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் புதிய தளத்தைப் பற்றி அறிவிப்பு அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறார். அவருக்கு உண்மையில் தேவை, அன்று பார்க்க வருகிறவர்கள் பொருளைத் தேடி வாங்க முடிகிற ஒரு தளம். 1,400 பொருளும் அன்றே இருந்தாக வேண்டும் என்பதில்லை.

ஆக, அதிகம் விற்கும் பொருள்களை மட்டும் 14க்குள் கொடுக்க முடியுமா? இதையும் கணக்காகவே பார்க்க வேண்டும். 7 முதல் 14 வரை ஆறு வேலை நாள், 30 மணி நேரம். பணப் பக்கம், மொபைல் திரை, இறுதிச் சோதனை மூன்றும் எப்படியும் வேண்டும், அதற்கு 20 போய்விடும். 400 பொருள் சேர்த்தால் இன்னும் 12 மணி நேரம், இடமில்லை. 300 என்றால் 29 மணி நேரம், மூச்சுவிட இடமில்லை. 250 என்றால் ஏழரை மணி நேரம், இரண்டரை மணி நேரம் மிஞ்சும். அவர் 250ஐத் தேர்கிறார். தாமதத்தை ஈடுகட்டும் ஆசையில் பாதி வேலையைத் தாராளமாக வாக்குக் கொடுத்து, அதையும் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது. இதுவும் ஒரு கெடுதான், இதற்கும் அதே கணக்குதான்.

மிச்சம் 1,150 பொருளுக்கு 34.5 மணி நேரம். 17இல் தொடங்கினால் ஏழு நாள், 25இல் முடியும். ஆக இந்த வழியில் போனாலும் 27 என்ற தேதி மாறவில்லை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அந்த இடைப்பட்ட நாள்களில் இரண்டு தளங்களும் ஓடும். ஒரே பொருளை இரண்டிலும் வாங்க முடிந்தால் இருப்புக் கணக்கு குழம்பும். 250 பொருளையும் பழைய தளத்தில் வாங்க முடியாதபடி நிறுத்திவைக்க வேண்டும்.

படி 4: ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்

மூன்றைப் பாருங்கள்: தாமதத்துக்கு அபராதம் உண்டா, தாமதத்தை எத்தனை நாள் முன்பு தெரிவிக்க வேண்டும், தேதி மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லுமா. அபராதமோ நஷ்ட ஈடோ குறிப்பிடப்பட்டிருந்தால், தாமதம் என்னுடையது என்று எழுதலாம், ஆனால் "உங்களுக்கு ஏற்படும் எல்லா நஷ்டத்துக்கும் நானே பொறுப்பு" என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிடாதீர்கள். பெரிய தொகை என்றால் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புவது நல்லது.

படி 5: முதலில் போன், பிறகு மெயில்

கிளையன்ட் தன் பக்கத்தில் யாருக்காவது பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தால் போன் செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும்: 14க்கு முழுதாக முடியாது, 27க்கு முடியும், 17ஆம் தேதி அறிவிப்புக்கு ஒரு வழி இருக்கிறது, விவரம் மெயிலில் வருகிறது. அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். போனிலேயே தேதியைப் பேரம் பேசாதீர்கள். அங்கே விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு நாளும் கணக்குக்கு வெளியே போகிறது.

எப்போது சொல்வது? தேதி தெரிந்த உடனே. அளந்து பார்க்க ஒரு நாளுக்கு மேல் ஆகுமென்றால், "14ஆம் தேதி சிக்கலில் இருக்கிறது, புதிய தேதியை நாளை காலை 11 மணிக்குச் சொல்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அளக்கலாம். அந்த 11 மணியையும் தவறவிடக் கூடாது.

படி 6: மெயிலை எழுதுங்கள்

முதலில், வழக்கமாக எழுதப்படும் வகை:

"வணக்கம். தவிர்க்க முடியாத சில தொழில்நுட்பக் காரணங்களால் எதிர்பாராத தாமதம் ஏற்பட்டுள்ளது. உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். கூடிய விரைவில், அநேகமாக அடுத்த வார இறுதிக்குள் முடித்துவிட முயற்சி செய்கிறோம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

மரியாதையான மெயில்தான். ஆனால் இதில் யாரும் எதையும் செய்யவில்லை, தாமதம் தானாகவே ஏற்பட்டிருக்கிறது. தனியாக வேலை செய்கிறவர் திடீரென்று "நாங்கள்" ஆகிவிட்டார். "அநேகமாக", "முயற்சி" இரண்டும் சேர்ந்து தேதியை அழித்துவிட்டன. "வார இறுதி" என்பது சிலருக்கு வெள்ளி மாலை, சிலருக்கு ஞாயிறு இரவு. கிளையன்ட் இதை வைத்துத் தன் வேலையைத் திட்டமிடவே முடியாது.

நம் வடிவமைப்பாளர் வெள்ளி காலை போனில் பேசிவிட்டு அனுப்பியது இது:

> பொருள்: புதிய தளம்: முழு ஒப்படைப்பு மார்ச் 14க்குப் பதில் மார்ச் 27. திங்கள் மதியம் 12க்குள் உங்கள் முடிவு தேவை
>
> வணக்கம் மேடம்,
>
> புதிய தளத்தை மார்ச் 14 அன்று முழுமையாக ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தேன். அந்தத் தேதிக்குள் என்னால் முடிக்க முடியாது. மார்ச் 27, வியாழக்கிழமை மாலை 6 மணி வரை அவகாசம் கேட்கிறேன்.
>
> தவறு என் மதிப்பீட்டில். பொருள் பட்டியலை மாற்ற 12 மணி நேரம் போதும் என்று பட்டியலைத் திறந்து பார்க்காமலே கணக்கிட்டேன். அளவும் மாடல் எண்ணும் விவரணைக்குள் கலந்திருப்பதால் ஒவ்வொன்றையும் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. நேற்று 100 பொருளைச் செய்து பார்த்தேன். அந்தக் கணக்கில் மொத்தம் 42 மணி நேரம் ஆகும். இதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. 17ஆம் தேதி அறிவிப்பை நம்பி நீங்கள் ஏற்பாடு செய்திருக்கும் நேரத்தில் இப்படிச் சொல்ல நேர்ந்ததற்கு மன்னிக்கவும்.
>
> இரண்டு வழிகள் இருக்கின்றன.
>
> 1. அதிகம் விற்கும் 250 பொருளுடன், பணம் செலுத்தும் வசதியும் மொபைல் வடிவமும் முழுமையாக முடிந்த தளத்தை 14ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தருகிறேன். 17ஆம் தேதி அறிவிப்பை அனுப்பலாம். மற்ற 1,150 பொருளும் 27ஆம் தேதி வரை பழைய தளத்தில் விற்பனையில் இருக்கும்.
>
> 2. 27ஆம் தேதி முழுத் தளத்தையும் ஒரே தடவையாகத் தருகிறேன். அறிவிப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.
>
> முதல் வழியே உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன். எது என்று திங்கள் (10) மதியம் 12க்குள் சொல்லுங்கள். முதல் வழி என்றால் எந்த 250 பொருள் என்ற பட்டியலையும் அனுப்புங்கள். அதற்கு நேரமில்லை என்றால், நீங்கள் முன்பு தந்த கடந்த ஆண்டு விற்பனை அறிக்கையில் முதல் 250ஐ எடுத்துக்கொள்கிறேன்.
>
> 20ஆம் தேதி மாலை, எத்தனை பொருள் முடிந்தது என்ற கணக்கை அனுப்புகிறேன்.
>
> நன்றி.

இதில் கவனிக்க வேண்டியவை சில. கெட்ட செய்தியும் புதிய தேதியும் முதல் பத்தியிலேயே வந்துவிட்டன, காரணம் அதற்குப் பிறகுதான். காரணத்தை முதலில் எழுதினால், கெட்ட செய்தியை நோக்கி மெல்ல நகர்வது போலிருக்கும், படிப்பவருக்கு எரிச்சல் வரும்.

பொறுப்பேற்கும் இடம் ஒரே பத்தி. செய்தது என்ன என்பதைத் துல்லியமாகச் சொல்கிறது: பட்டியலைத் திறந்து பார்க்காமல் கணக்கிட்டேன். "முழுத் தவறும் என்னுடையதே, மிகவும் வெட்கப்படுகிறேன்" என்று எழுதினால் அது பொறுப்பு மாதிரித் தெரியும், ஆனால் என்ன தவறு என்று கிளையன்டுக்குத் தெரியாது. தவறு என்ன என்று தெரிந்தால்தான் அது திரும்ப நடக்குமா என்று அவரால் எடைபோட முடியும். மன்னிப்பும் ஒரே தடவைதான், அதுவும் அவருக்கு நேர்ந்த குறிப்பான பாதிப்பைச் சொல்லி.

புதிய தேதி கிளையன்டின் எந்தச் செயலையும் நம்பி நிற்கவில்லை. "நீங்கள் பட்டியலைத் திங்கட்கிழமை கொடுத்தால் 14இல் முடியும்" என்று எழுதியிருந்தால், பட்டியல் வராதபோது தேதி சரியும், யார் காரணம் என்ற வாக்குவாதம் தொடங்கும். விற்பனை அறிக்கையை வைத்துத் தானே தேர்வதாகச் சொன்னதால் அந்தக் கதவு மூடப்பட்டது. தேதியில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தால், அதை எப்படி நீக்குவது என்று யோசித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். வேறு நாட்டில் இருக்கும் கிளையன்ட் என்றால், மாலை 6 மணி யாருடைய 6 மணி என்பதையும் எழுதிவிடுங்கள்.

கிளையன்ட் பக்கமும் தாமதம் இருந்திருந்தால்? படங்களை நான்கு நாள் தள்ளி அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தாமதத்துக்குப் பெரிய காரணம் நீங்கள் என்றால் அதை இந்த மெயிலில் எழுதாதீர்கள். ஒரு வரி சேர்த்தாலும் பொறுப்பேற்ற பத்தி முழுவதும் பொய்யாகிவிடும். பெரிய காரணம் அவர்தான் என்றால், அது வேறு வகை மெயில்: எந்தத் தேதியில் எது வந்தது, அதனால் கெடு எத்தனை நாள் நகர்கிறது என்று நேராக எழுதலாம், மன்னிப்புத் தேவையில்லை. இரண்டையும் ஒரே மெயிலில் கலக்கும்போதுதான் உறவு கெடுகிறது.

படி 7: பதில் எப்படி வந்தாலும்

"சரி" என்று வந்தால் அன்றே ஒரு வரி எழுதி உறுதிப்படுத்துங்கள்: முதல் வழி, 14 மாலை 6, 27 மாலை 6. போனில் சரி சொன்னாலும் எழுத்தில் வரட்டும்.

"27 ரொம்பத் தள்ளிப்போகிறது, 21க்கு முடியாதா?" என்பதுதான் கடினமான பதில். குற்ற உணர்வில் இருப்பதால் "சரி, பார்க்கிறேன்" என்று வாயில் வந்துவிடும். அதற்குப் பதில் கணக்கை அவர் முன் வையுங்கள். 17 முதல் 21 வரை 25 மணி நேரம், அதில் ஏறக்குறைய 800 பொருள் முடியும், 250உடன் சேர்த்து 1,050 ஆகும். ஆனால் அதில் சரிபார்க்கவோ விடுபட்ட அளவுகளை நிரப்பவோ நேரம் இல்லை. எனவே 21இல் 900 பொருள், மிச்சம் 27இல் என்று சொல்லலாம். தேதி முன்னே வந்தால் அளவு குறைய வேண்டும். அளவு மாறாமல் தேதி மட்டும் முன்னே வந்தால், முதல் தேதியில் நீங்கள் வேண்டுமென்றே நாள் சேர்த்திருந்தீர்கள் என்று அவர் முடிவு செய்வார்.

பதிலே வராவிட்டால் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திங்கள் மதியம் தாண்டியதும் போன் செய்யுங்கள். அதுவரை இரண்டு வழிக்கும் பொதுவான வேலையை, அதாவது பணப் பக்கத்தையும் மொபைல் திரையையும் செய்துகொண்டிருந்தால் காத்திருந்த நேரம் வீணாகாது.

கட்டணத்தில் குறைக்கச் சொன்னால் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதிலிருந்து பேசுங்கள். அவர் கேட்பதற்கு முன் நீங்களாகத் தள்ளுபடி கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தேதியைப் பற்றிய பேச்சு பணத்தைப் பற்றியதாக மாறிவிடுகிறது, 27ஐ உறுதிப்படுத்தாமலே மெயில்கள் நீள்கின்றன.

படி 8: புதிய தேதி வரை

14ஆம் தேதி ஒப்படைப்பு நேரத்துக்குப் போனால் பாதி நம்பிக்கை திரும்பிவிடும். 27ஐக் காப்பாற்ற நடுவில் ஓர் அளவுகோல் வேண்டும். 19ஆம் தேதி மாலை மூன்று நாள் வேலை முடிந்திருக்கும், 15 மணி நேரம், 500 பொருள். அன்று 400க்குக் கீழே இருந்தால், சேர்த்துவைத்த இரண்டு நாளும் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சனி ஞாயிறை எடுக்க வேண்டியது அப்போதுதான். 26 வரை பொறுத்துப் பார்ப்பதில் பயனில்லை, அப்போது சேர்க்க நாளே இருக்காது.

20ஆம் தேதி அனுப்பும் கணக்கு இரண்டு வரி போதும்: 1,150இல் இத்தனை முடிந்தது, 27 மாலை 6 மணியில் மாற்றமில்லை. "நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது" என்று எண் இல்லாமல் எழுதினால், ஒருமுறை தாமதத்தைப் பார்த்த கிளையன்டுக்கு அது கவலையைத்தான் கூட்டும்.

அப்படியும் 27 தவறும் என்று தெரிந்தால் மூன்றாவதாக ஒரு தேதியைக் கேட்காதீர்கள். அன்று வரை முடிந்ததை 27 மாலை 6 மணிக்கு ஒப்படையுங்கள். முடியாத பொருள்களின் பட்டியலைத் தனியாக இணையுங்கள். அவை பழைய தளத்தில் விற்பனையில் தொடரட்டும். மிச்சத்தை நீங்களே முடிப்பதா, வேறொருவரை உங்கள் செலவில் சேர்த்துக்கொள்வதா என்ற முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள்.